வாசல்ல புடைக்காத மிளகு

மட்டாஞ்சேரி ஜூதத்தெருவுல இருந்த யூதருங்க வீட்டையும் வாசலையும் வித்துப்போட்டு இஸ்ரேலுக்குப் போனாங்கல்ல, அந்த வருஷம். எந்த வருஷம்னு என்னைக் கேட்டா நான் நம்பர் போட்டுச் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துப் படி ஏறுனவன் இல்ல நான். ஆனா அந்த மழைக்கு முந்தின வெயிலு இன்னும் கண்ணுல நிக்குது. தெரு நீளத்துக்குக் கட்டில், அலமாரி, வெண்கல வெளக்கு, மாவு இடிக்கற உரல் எல்லாம் வெளிய வெச்சிருந்தாங்க. வெலை கேக்கறவன் கேக்கறான், அழுவறவன் அழுவறான்.

எங்கத்தா, எங்கப்பாதான், ஒரு சின்ன அலமாரி வாங்கினாரு. தலைல தூக்கிக்கிட்டு வந்தது நான்தான். வீட்டுல வந்து இழுப்பறையைத் தொறந்தா உள்ள ஒரு வெள்ளிக் கரண்டி. அத்தா மொகம் வெளுத்துப் போச்சு. "டேய், அலமாரிக்குத்தான் காசு கொடுத்தேன், இதுக்கு நான் கொடுக்கலடா"ன்னு கரண்டியைத் தோர்த்துத் துண்டுல சுத்திக்கிட்டு படகு ஏறற ஜெட்டிக்கு ஓடுனாரு. அந்த வீட்டுக்காரங்க எர்ணாகுளத்துக்குப் படகேறி, ரயிலும் ஏறிப் போயாச்சு. திரும்பி வந்து அதை அலமாரிக்கு மேல வெச்சாரு. அவரு கண்ணை மூடி மௌத்தாகற வரைக்கும் அந்தக் கரண்டியால எங்க வீட்டுல ஒருத்தரும் கஞ்சி குடிச்சதில்ல. இதை ஏன் சொல்றேன்னா, பின்னால ஒரு வக்கீல் இந்தக் கரண்டியை வெச்சுத்தான் எனக்குத் திருட்டுன்னா என்னன்னு புரிய வெச்சாரு. அதுக்கு வர்றேன்.

நான் அப்ப பஜார்ல ஒரு மிளகுப் பாண்டிகசாலையில மூட்டைச் சொமடு எடுத்துக்கிட்டிருந்தேன். பாண்டிகசாலைன்னா பெரிய சரக்குக் கெடங்கு, பின்பக்கம் காயல், முன்பக்கம் ரோடு. பின்பக்கம் வள்ளத்துல சாக்கு வரும், முன்பக்கம் வண்டி ஏறிப் போகும். உள்ள கால் வெச்சா மூக்கு எரியும். புதுசா வர்றவன் தும்மித் தும்மி அழுவான், நாங்க சிரிப்போம். எங்களுக்கு மேல ஒரு மூப்பன். ஆள எடுக்கறதும், எந்தச் சாக்கு எங்க போகணும்னு சொல்றதும் அவருதான். எங்க பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர். தாடி வெள்ளை, கொரலு இடி. மனசு மட்டும் பயந்தாங்கொள்ளி. சண்டைன்னு ஒண்ணு வந்துட்டா ரெண்டு பக்கத்துக்கும் தலை ஆட்டிட்டு ஒண்ணுக்குப் போயிடுவாரு.

பொம்பளைங்க மிளகு புடைக்கவும், சுக்கு பெறக்கவும் இருந்தாங்க. அதுல ஒரு அக்கா. எல்லாருக்கும் அக்கா, மூப்பனுக்கும் அக்கா. புருஷன் காய்ச்சல்ல போயிட்டான், ஒரே மக. மகளும் அங்கயே சுக்குப் பெறக்கிக்கிட்டிருந்தா. அக்கா முறத்தைக் கைல எடுத்தா வேடிக்கை பாக்கணும். பதர் ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கம்னு தானா பிரிஞ்சு நிக்கும். வாயும் அப்படித்தான்.

"என்ன மூப்பா, இன்னைக்குத் தாடிக்கு எண்ணெயா? சேட்டு பொண்ணு கொடுக்கறாரா?"

"வேலையப் பாரு அக்கா."

"வேலையத்தான் பாக்கறேன். உன் தாடியையும் பாக்கறேன். கண்ணு ரெண்டு இருக்குல்ல?"

இப்படி.

அங்க ஒரு வழக்கம் இருந்துச்சு. சாக்கு கட்டும்போதும் தூக்கும்போதும் மிளகு செதறும். செதறுனது தரையில மண்ணு, சணல், எலிப்புழுக்கையோட கெடக்கும். வாரக் கடைசியில பொம்பளைங்க பெருக்கி எடுப்பாங்க. பெருக்கி எடுத்தது பெருக்குனவங்களுக்கு. பழைய சேட்டு அப்படிப் பழக்கி வெச்சிருந்தாரு, அவரோட அத்தா காலத்துலயிருந்தே அப்படித்தான்னு சொல்லுவாங்க. ஒரே ஒரு கண்டிஷன். அந்த மண்ணு மிளகை உள்ள வெச்சுச் சுத்தம் பண்ணக் கூடாது. ரோட்டுப்பக்க வாசல்ல, எல்லாரும் பாக்க வெச்சுத்தான் புடைக்கணும். சேட்டு வாசல் திண்டுல சாய்ஞ்சு பாக்கு மென்னுக்கிட்டு உக்காந்திருப்பாரு. மிளகு ரொம்ப நல்லாயிருந்தா எட்டிப் பாத்துட்டு, "இது தரையில இருந்ததா, சாக்குல இருந்ததா?"ம்பாரு. அக்கா உடனே, "எலியைக் கூப்புடு சேட்டு, அது சாட்சி சொல்லும்"பா. அவரு வயிறு குலுங்கச் சிரிப்பாரு. புடைச்சு எடுத்ததைத் தகர டப்பாவுல போட்டு இடுப்புல வெச்சுக்கிட்டு ராணி மாதிரி நடந்து போவா. பக்கத்துல கறுத்த தெருன்னு ஒண்ணு, அதுல ஒரு பலசரக்குக் கடை, அங்க கொடுத்து அரிசி வாங்குவா. ரோட்டுல போறவனுக்கெல்லாம் தெரியும், இன்னைக்கு அக்கா வீட்டுல சோறுன்னு.

பழைய சேட்டு மௌத்தானாரு. மகன் பொம்பாயிலேயே இருந்துக்கிட்டு, எர்ணாகுளத்துலயிருந்து ஒரு மேனேஜரை வெச்சாரு. காலேஜ் படிச்ச பையன். கெட்டவன்னு சொல்லிட்டா எனக்கு ஈஸியா முடிஞ்சிடும். ஆனா கெட்டவன் இல்ல. எங்கள்ல ஒருத்தன் கையை நசுக்கிக்கிட்டப்ப அவன்தான் சைக்கிள்ல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். அவனுக்கு ஒரு சந்தேகம். செதறல் ஏன் இவ்வளவு? அந்தச் சந்தேகம் பொய்யும் இல்ல. எங்கள்ல ஒண்ணு ரெண்டு பேரு தங்கச்சியோ கொழுந்தியாவோ பெருக்கற அன்னைக்குச் சாக்கைத் தூக்கும்போது கொக்கியைக் கொஞ்சம் ஆழமாப் போடுவான். சணல் பிஞ்சு சரசரன்னு கொட்டும். "ஐயோ கொட்டிப்போச்சே"ம்பான். மேனேஜர் மூப்பனைக் கூப்புட்டு என் முன்னாலதான் சொன்னான்.

"தானா விழுந்தது எது, விழ வெச்சது எதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? இனி ஒரு மணி மிளகு வெளிய போகக் கூடாது. பெருக்குனதை மூலையில கூட்டி வெக்கட்டும், கம்பெனியே சுத்தம் பண்ணிக்கும். பொம்பளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மூப்பன் தலை ஆட்டுனாரு.

இனிமேதான் அந்தப் பாவம் நடக்குது. மூப்பன் பொம்பளைங்க முன்னால போய் நின்னாரு. தாடியைத் தடவுனாரு. அந்தக் கொரலு எங்க போச்சுன்னே தெரியல. 'மிளகு இனி உங்களுக்கு இல்ல'ன்னு சொல்ல வாய் வரல அவருக்கு. சொன்னா அக்கா என்ன கேப்பான்னு அவருக்குத் தெரியும். அதனால சொன்னாரு:

"அக்கா, இனி வாசல்ல வெச்சுப் புடைக்க வேணாம். மேனேஜருக்குப் புடிக்கல. வீட்டுக்குக் கொண்டு போய்ப் புடைச்சுக்கோங்க. அவன் கண்ணுல மட்டும் படாமப் பாத்துக்கோங்க."

"ஏன், தூசி அவன் சட்டையில படுதாமா?"

"ஆமான்னு வெச்சுக்கோ."

"வெள்ளைச் சட்டைக்காரனை மிளகுக் கடையில கொண்டு வெச்சா இப்படித்தான்"னு அவ சிரிச்சா. எல்லாரும் சிரிச்சாங்க. மூப்பனும் சிரிச்சாரு. வேலை கெடாம, மேனேஜரும் கோவப்படாம, பொம்பளைங்க அடுப்பும் எரியற மாதிரி ஒரு வழி பண்ணிட்டதா அவருக்கு நெனப்பு. அப்படி வழி பண்றதுதான் அவரு வேலையும். சேட்டு ஒண்ணு சொன்னா, ஆளுங்ககிட்ட அதைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லணும். ஆளுங்க ஒண்ணு சொன்னா, சேட்டுகிட்ட அதைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லணும். எந்தப் பாண்டிகசாலையில எந்த மூப்பனும் அப்படித்தான் இருந்தாங்க.

அந்த வாரக் கடைசி அக்கா பெருக்குனா. டப்பாவுல போட்டா தெரியும்னு ஒரு தோர்த்துல மண்ணோட மிளகையும் கட்டி, சேலைக்கு உள்ள இடுப்புல சொருகிக்கிட்டா. வாசல்கிட்ட மேனேஜர் நின்னு வண்டிக்காரன்கூடப் பேசிக்கிட்டிருந்தான். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவனைத் தாண்டிப் போறா. அவ தலை குனிஞ்சு நடந்து நான் அதுக்கு முன்னால பாத்ததில்ல. முடிச்சு எங்கயோ நெகுந்திருக்கு. அவ பின்னாலயே மிளகு ஒவ்வொண்ணா உருண்டு வந்துச்சு. சிமெண்டுத் தரையில டக்கு டக்குன்னு சத்தம். மேனேஜர் கீழ பாத்தான். அப்புறம் மேல பாத்தான்.

"இடுப்புல என்ன?"

அக்கா மூப்பனைத் தேடுனா. மூப்பன் அங்க இல்ல.

அவ அந்த எடத்துல 'இது என்னோட மிளகு'ன்னு பழைய மாதிரி ஒரு சத்தம் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் இத்தனை காலமும் யோசிச்சுப் பாக்கறேன். அவ சொன்னது, "ஒண்ணுமில்ல"ன்னு.

போலீஸ் வந்துச்சு. தோர்த்தோட மிளகை எடுத்து, அங்க நின்ன ரெண்டு பேரைச் சாட்சி வெச்சு, கட்டி அரக்கு முத்திரை குத்துனாங்க. அந்தச் சாட்சிப் பொருளுக்குத் தொண்டின்னு பேரு. அக்காளை ஸ்டேஷனுக்குக் கொண்டு போயி, எங்காளு ஒருத்தர் ஜாமீன் நின்னு பொழுது சாயறதுக்குள்ள விட்டாங்க. மறுநா காலையில மக வேலைக்குப் போனா. காவக்காரன் வாசல்லயே கையைக் குறுக்க நீட்டிட்டான். "கேஸு முடியட்டும் மோளே, அப்புறம் வா." பக்கத்துப் பாண்டிகசாலைக்குப் போனா. அங்கயும் அதே கை. பஜார்ல செய்தி மிளகுத்தூள் மாதிரி, எந்தப் பொந்துலயும் நுழைஞ்சிடும்.

அப்ப எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. ஜெயிலு கியிலுங்கறது பெரிசில்ல. கள்ளி, திருடின்னு பேரு விழுந்தா அம்மாளுக்கும் மகளுக்கும் காயலோரத்துல எந்தக் கதவும் தொறக்காது. அவங்களுக்கு வேற தொழிலும் தெரியாது. கோடதி, அதான் கோர்ட்டு, 'கள்ளி இல்ல'ன்னு சொன்னா மட்டும்தான் உண்டு.

ஆளாளுக்குப் போட்டு ஒரு வக்கீல் வெச்சோம். மட்டாஞ்சேரி கோடதிக்கு எதிர்ல சாயாக்கடை மாடியில அவரு ஆபீஸு. நல்ல மனுஷன், கோட்டு மட்டும் கிழிசல். நாங்க நாலஞ்சு பேரு, அக்கா, மக எல்லாம் அங்க தரையில உக்காந்தோம். அவரு மொதல்ல சொன்னாரு:

"குற்றம் பண்ணேன்னு ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடியும். சின்னதா ஏதாவது போட்டு விட்டுடுவாங்க."

"ஒத்துக்கிட்டா நான் யாரு?"ன்னு அக்கா கேட்டா.

"சட்டப்படி..."

"சட்டத்தை விடுங்க சார். பஜார்ல நான் யாரு?"

வக்கீல் சாயாவைக் கைல எடுத்தாரு. அப்புறம் என்னைப் பாத்து ஏனோ கேட்டாரு, "நீ என்ன நெனைக்கற?" நான் எங்கத்தாவோட கரண்டிக் கதையைச் சொன்னேன். எனக்கு வேற என்ன தெரியும்? அவரு சாயாவை வெச்சுட்டு நிமிந்து உக்காந்தாரு.

"கேளுங்க. அந்தக் கரண்டி உங்க அத்தா கைக்கு எப்படி வந்துச்சு? அவரு எடுக்கல, அலமாரியோட வந்துச்சு. அதனால அது திருட்டே இல்ல. திருட்டுன்னா இன்னொருத்தன் கைவசம் இருக்கறதை அவன் சம்மதம் இல்லாம எடுக்கறது. அந்த எடத்துலயிருந்து கொஞ்சம் நகத்துனாலே போதும், வீட்டுக்குக் கொண்டு போகணும்னு இல்ல. அத்தா அப்படி ஒண்ணும் பண்ணல. ஆனா சொந்தக்காரன் யாருன்னு தெரிஞ்சும், தேடிக் கொடுக்காம, தனக்குன்னு ஆக்கிக்கிட்டிருந்தா, அது வேற ஒரு குற்றம். தன்னோடது இல்லாததைத் தன்னோடதா நடத்தறது. அவரு ஜெட்டிக்கு ஓடுனாருல்ல, அதுல அவரு மனசு தெரியுது. அங்கயே தப்பிச்சாரு."

"மிளகு?"

"மிளகு பாண்டிகசாலையில கெடந்தா, யாரு பெருக்குனாலும் அது முதலாளி கைவசம்தான். வேலைக்காரங்க கைல இருக்கறது முதலாளி கைல இருக்கற மாதிரி. அக்கா வாசலுக்குக் கொண்டு வந்தது எடுத்ததுதான். அதுல தப்பிக்க முடியாது. நமக்கு ரெண்டு வழி. ஒண்ணு, முதலாளி சம்மதம் இருந்துச்சு. வாயால சொல்லணும்னு இல்ல, வழக்கமா நடந்தா அதுவும் சம்மதம். ரெண்டாவது, சம்மதம் போயிடுச்சுன்னே வெச்சுக்குவோம், அக்கா அது தனக்கு உரிமைன்னு மனசார நம்பி எடுத்திருந்தா அவ கள்ளி இல்ல. வஞ்சக எண்ணம் இருந்தாத்தான் திருட்டு."

அக்கா மொகம் தெளிஞ்சிருச்சு. "நம்பித்தான் எடுத்தேன் சார். அல்லாமேல ஆணை."

"நான் நம்பறேன்மா. ஆனா மனசுக்குச் சாட்சி கெடையாது. அதனால கோடதி கையைப் பாக்கும், சேலையைப் பாக்கும். இடுப்புல ஏன் கட்டுன?"

"மூப்பன் சொன்னாரு."

"அப்ப மூப்பன் வந்து சொல்லணும்."

மூப்பன் வந்தாரு. அதை நான் மறைக்க மாட்டேன். வேலை போயிடும்னு அவரு பொண்டாட்டி அழுதா, இருந்தும் வந்தாரு. வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு, கூண்டுல ஏறி நின்னாரு. நம்ம வக்கீல் கேட்டாரு, அவரு நல்லாச் சொன்னாரு. பழைய சேட்டு கொடுத்த வழக்கம், வாசல்ல புடைக்கறது, சேட்டு பாத்துக்கிட்டிருக்கறது, அம்பது பேரு பாக்கக் கொண்டு போறது, எல்லாம். கொரலு திரும்பி வந்திருந்துச்சு. மஜிஸ்திரேட் பேனாவால எழுதிக்கிட்டேயிருந்தாரு. மக என் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அண்ணே, விட்டுடுவாங்கல்ல?"ன்னு ரெண்டு தடவை கேட்டா. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு.

அப்புறம் சர்க்கார் பக்கம் வாதாடற போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்தாரு. சத்தமே போடல அவரு.

"மேனேஜர் உங்ககிட்ட ஒரு மணி மிளகு வெளிய போகக் கூடாதுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு."

"பொம்பளைங்ககிட்டச் சொல்லச் சொன்னாரா?"

"ஆமா."

"சொன்னீங்களா?"

மூப்பன் தாடியைத் தடவுனாரு. "கொஞ்சம்... அவங்க மனசு நோகாத மாதிரி சொன்னேன்."

"என்ன வார்த்தை சொன்னீங்களோ அதைச் சொல்லுங்க."

குரான் மேல சத்தியம் பண்ணியிருந்தாரே. சொன்னாரு. "வாசல்ல புடைக்க வேணாம், மேனேஜருக்குப் புடிக்கல, அவன் கண்ணுல படாமப் பாத்துக்கோங்கன்னு சொன்னேன்."

"அவன் கண்ணுல படாம." இன்ஸ்பெக்டர் அதை மஜிஸ்திரேட் எழுதி முடிக்கற வரைக்கும் நின்னாரு. "படாமப் போகணும்னா, பட்டா தடுப்பான்னு அர்த்தம். அது அந்தப் பொம்பளைக்குப் புரிஞ்சிருக்கும்ல?"

"அவளுக்கு நான் உதவி..."

"புரிஞ்சிருக்கும்ல?"

"...புரிஞ்சிருக்கும்."

உக்காந்துட்டாரு இன்ஸ்பெக்டர். நம்ம வக்கீல் எழுந்து, மூப்பன் சொன்னதே சம்மதம் மாதிரிதான், அவருதானே கம்பெனி ஆளுன்னு வாதிச்சுப் பாத்தாரு. மஜிஸ்திரேட் மூப்பனையே கேட்டாரு, "கம்பெனிச் சரக்கைத் தூக்கிக் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா?" மூப்பன் இல்லேன்னாரு. ஆள எடுக்கத்தான் அதிகாரம்.

கடைசியில மஜிஸ்திரேட் அக்காளையே கேட்டாரு. வயசான மனுஷன், கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு மெதுவாக் கேட்டாரு.

"உங்களோடதுன்னு நம்பியிருந்தா, ஏன் ஒளிச்சீங்க?"

அக்கா கூண்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டா. "சாரே, என்னோடதைத்தான் நான் ஒளிச்சு வெப்பேன். வீட்டுல அரிசியை ஒளிச்சு வெக்கறேன், எலிக்கு. காசை ஒளிச்சு வெக்கறேன், கடன்காரனுக்கு. அடுத்தவனோடதை நான் எடுக்கறதே இல்ல, அப்புறம் அதுல ஒளிக்க என்ன இருக்கு?"

பின்னால யாரோ சிரிச்சாங்க. மஜிஸ்திரேட் சிரிக்கல. "மேனேஜர் கேட்டப்ப ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே?"

"பயம்."

"எதுக்குப் பயம்?"

அதுக்கு அவ பதில் சொல்லல. ஏழைக்கு எதுக்குப் பயம்னு கேட்டா என்ன சொல்றது? ஆனா அங்க பேசாம நின்னா அதையும் எழுதிக்குவாங்க.

தீர்ப்பு இங்கிலீஷ்ல படிச்சாரு. வக்கீல் எங்ககிட்ட மெதுவாச் சொல்லிக்கிட்டே வந்தாரு. வழக்கம் இருந்தது நெஜம். ஆனா வழக்கம்ங்கறது முதலாளி இஷ்டத்துல நிக்கறது, அவரு திரும்ப எடுத்துக்கலாம். எடுத்துக்கிட்டாரு. அது பொம்பளைங்களுக்கு நேராச் சொல்லப்படல. அதனால நேராத் தெரியாதுன்னு வெச்சுக்கிட்டாலும், ஒளிச்சு எடுத்ததுலயும் இல்லேன்னு மறுத்ததுலயும் தெரிஞ்சிருக்குன்னு ஆகுது. அன்னைக்கும் வாசல்ல வெச்சுப் புடைச்சிருந்தா கேஸே நிக்காதுன்னும் சொன்னாராம். குற்றம்தான். மொதல் குற்றம், பெரியவங்க, சரக்கு கொஞ்சம். அதனால கோடதி பிரியற வரைக்கும் தடவு, அதாவது காவல்.

கோடதி பிரியற வரைக்கும்னா, மஜிஸ்திரேட் எழுந்து போற வரைக்கும் கோடதிக்கு உள்ள உக்காந்திருக்கணும். அவ்வளவுதான் ஜெயிலு. அக்கா கதவோரம் தரையில உக்காந்தா. வேற கேஸெல்லாம் நடந்துச்சு. ஆடு மேய்ஞ்ச கேஸு, வேலி கேஸு. சாயங்காலம் மஜிஸ்திரேட் எழுந்தாரு, போலீஸ்காரர், "எழுந்து போ அம்மே, முடிஞ்சுது"ன்னாரு. பஜார்ல ஆளுங்க, "அட இவ்வளவுதானா, ஒரு நேரம் உக்காந்து எழுந்ததுக்கா இந்தக் கவலை"ன்னாங்க.

நான் வக்கீலைக் கேட்டேன், மேல போகலாமான்னு. அவரு கிழிஞ்ச கோட்டை மடிச்சுக்கிட்டே சொன்னாரு, "இவ்வளவு சின்னத் தண்டனைக்கு அப்பீல் கெடையாது. பெருசாக் கொடுத்திருந்தா போகலாம். எர்ணாகுளத்துல ஹைக்கோர்ட்டுல ரிவிஷன்னு ஒண்ணு இருக்கு. அங்க மூப்பன் சொன்னதைத்தான் அவங்களும் படிப்பாங்க."

தொண்டி பத்தியும் தீர்ப்புல இருந்துச்சு. மிளகு கம்பெனிக்கு, தோர்த்து அக்காளுக்கு. சில நாள் கழிச்சு அதை வாங்க மேனேஜர் போனான். தூக்கிக்கிட்டு வர என்னையும் கூட்டிக்கிட்டுப் போனான். தோர்த்துக்கு அக்காளும் வந்திருந்தா. ஒரு பழைய தோர்த்து, ஓரம் நைஞ்சு போனது. அதுக்கு ஏன் வந்தான்னு எனக்கு அப்ப புரியல. இப்பவும் சரியாப் புரியல. அவளோடதுன்னு கோடதி சொன்னது அது ஒண்ணுதான்.

கோடதி ஆளு முத்திரையை ஒடைச்சு, வராந்தாவுல தோர்த்தைப் பிரிச்சாரு. மண்ணு, சணல் துண்டு, எலிப்புழுக்கை, நடுவுல கொஞ்சம் மிளகு. மேனேஜர் கையெழுத்துப் போட்டான். சாக்கு கொண்டு வரலைன்னு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. என்னைப் பாத்தான், மிளகைப் பாத்தான்.

"இந்தக் குப்பையை யாரு சொமக்கறது? கொட்டிடு."

நான் அதுல கை வெக்கல. அவனே தோர்த்தை ஓரத்தோட தூக்கிப் படிக்குக் கீழ உதறிட்டு, அதை நாலா மடிச்சு அக்கா கைல கொடுத்தான். மரியாதையாத்தான் கொடுத்தான். சைக்கிள் ஏறிப் போயிட்டான்.

கோடதி முற்றம் பெருக்கற ஒரு பொம்பளை தொடப்பத்தோட அங்க நின்னுக்கிட்டிருந்தா. படிக்குக் கீழ வந்து பெருக்குனா. மிளகைப் பாத்ததும் கூட்டி ஒதுக்கி, பழைய காயிதத்துல எடுத்து ஊத ஆரம்பிச்சா. போலீஸ்காரர் பீடி குடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு. யாரும் ஒண்ணும் சொல்லல. ஏன் சொல்லணும்? சொந்தக்காரன் வேணாம்னு எறிஞ்சிட்டுப் போயாச்சு. அது யாரோடதும் இல்ல.

அக்கா தோர்த்தைத் தோள்ல போட்டுக்கிட்டுப் படி எறங்குனா. அப்புறம் சொன்னா, "இந்தப் பக்கம் வா மோளே. நெழல்ல வேணாம், வெயில்ல வெச்சுப் புடை. எல்லாரும் பாக்கட்டும்." அந்தப் பொம்பளைக்குப் புரியல. சிரிச்சுட்டு நகந்து வந்தா.

அதுக்கப்புறம் என்ன இருக்கு சொல்ல? எந்தப் பாண்டிகசாலையும் ரெண்டு பேரையும் எடுக்கல. மூப்பன் ஒவ்வொரு வாசலாப் போய்க் கேட்டாரு. எல்லாரும் அவருக்குத் தலை ஆட்டுனாங்க, அவரு தலை ஆட்டுன மாதிரியே. கம்பெனி பெருக்குன மிளகை மூலையில கூட்டி வெச்சுச்சு. சுத்தம் பண்ற கூலி கட்டலைன்னு மழைக்கு அப்புறம் காயல்ல தள்ளச் சொன்னாங்க. தள்ளுனதுல நானும் ஒருத்தன்.

மகளுக்கு அம்மா மேல கோவம் தீரல. "டப்பாவுல கொண்டு போயிருந்தா என்ன, ஏன் இடுப்புல கட்டுன? கள்ளி மாதிரி ஏன் கட்டுன?"ன்னு அந்த ஒரே கேள்வி. அக்கா தோர்த்தைத் தோள்ல போட்டுக்கிட்டு சொவத்தைப் பாத்து உக்காந்திருப்பா. வாய் நின்னு போச்சு. மூப்பன் வந்தா எழுந்து உள்ள போயிடுவா. அடுத்த மழைக்காலத்துல மௌத்தானா. மக கொழும்பு போற யாரோ குடும்பத்துக்குப் பிள்ளை பாக்கப் போறேன்னு போனா. அப்புறம் பொள்ளாச்சிப் பக்கம் கண்டதாச் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணும் தெரியாது.

எனக்கு எழுதத் தெரியாதுன்னுதான் உங்களை உக்கார வெச்சுச் சொல்றேன். நீங்க பாலக்காடு, பொள்ளாச்சின்னு போற ஆளு. அந்த மக இப்ப கெழவியாயிருப்பா. மட்டாஞ்சேரியில சுக்குப் பெறக்குன கெழவி யாராவது இருக்காளான்னு கேளுங்க. இருந்தா சொல்லுங்க, முத்திரை ஒடைச்சப்ப நான் அங்க நின்னேன், மண்ணு மிளகுதான் இருந்துச்சு, சாக்கு மிளகு ஒண்ணுகூட இல்லன்னு. அவ இல்லேன்னா அவ பிள்ளைங்ககிட்டச் சொல்லுங்க. அவங்களும் இல்லேன்னா, யாருகிட்டயாவது சொல்லிடுங்க.